‘சிவில் விவகாரம்’ என்பது மட்டும் போதாது: ரத்து மனுவில் விடுபட்ட குற்றக்கூறைக் காட்டுவது

கேள்வி: 2021 ஜூலையில் என் 40 சென்ட் நிலத்தை 60 லட்சத்துக்கு விற்பதாகக் கிரைய ஒப்பந்தம் பதிவு செய்து 15 லட்சம் முன்பணம் வாங்கினேன். 11 மாதத்தில் மீதியைக் கொடுத்துக் கிரையம் முடிக்க வேண்டும். வாங்குபவருக்கு லோன் கிடைக்காமல் நாள் கடந்துவிட்டது. 2023-ல் வக்கீல் நோட்டீஸ் அனுப்பி ஒப்பந்தத்தை ரத்து செய்தேன். முன்பணத்தைத் திருப்பித் தரவில்லை. 2025 ஜூலையில் நிலத்தை வேறொருவருக்கு விற்றேன். ஆகஸ்டில் ‘ஆரம்பத்திலிருந்தே ஏமாற்றும் எண்ணத்துடன் பணம் வாங்கி மோசடி செய்தார், கேட்டதற்கு மிரட்டினார்’ என்று அவர் கொடுத்த புகாரில் நம்பிக்கை மோசடிக்கு 406, ஏமாற்றுதலுக்கு 420, கூடவே மிரட்டல் என எஃப்.ஐ.ஆர். போட்டுவிட்டார்கள். இது சிவில் விவகாரம் என்று சொல்லி ஹைகோர்ட்டில் ரத்து செய்ய முடியுமா? மனுவில் எதை அழுத்திச் சொல்ல வேண்டும்?

பதில்: ரத்து செய்யக் கோரலாம், நீங்கள் சொன்ன விவரங்கள் அப்படியே ஆவணங்களிலும் இருக்குமானால் வாய்ப்பும் நன்றாகவே இருக்கிறது. ஆனால் ‘இது சிவில் விவகாரம்’ என்ற ஒரே காரணத்தின் மீது மனுவைக் கட்டினால் அது நிற்காமல் போகக்கூடும். ஒரே கொடுக்கல் வாங்கல் உரிமையியல் வழக்குக்கும் குற்ற வழக்குக்கும் ஒருசேர இடம் தரலாம் என்பதும், உரிமையியல் நீதிமன்றத்தில் பரிகாரம் இருக்கிறது என்பதற்காக மட்டும் குற்ற வழக்கு ரத்தாகாது என்பதும் உச்ச நீதிமன்றம் பலமுறை சொல்லியிருக்கும் நிலைப்பாடு. உங்கள் மனு காட்ட வேண்டியது வேறு: புகாரில் எழுதியிருப்பது ஒவ்வொரு வரியும் உண்மை என்றே வைத்துக்கொண்டாலும், சட்டம் அந்தக் குற்றத்துக்குக் கேட்கும் கூறுகளில் ஒன்று அங்கே இல்லை என்பதைக் காட்ட வேண்டும். அந்தக் கூறு இல்லாததால்தான் அது சிவில் விவகாரமாகிறது. ‘சிவில்’ என்பது வாதத்தின் முடிவாக வர வேண்டிய சொல். அதையே தொடக்கமாக வைக்கும் மனுக்கள்தான் ‘விசாரணையில் பார்த்துக்கொள்ளலாம்’ என்று தள்ளுபடியாகின்றன.

இந்த வேறுபாட்டை இந்தியன் ஆயில் கார்ப்பரேஷன் எதிர் என்.இ.பி.சி. இந்தியா என்ற 2006-ஆம் ஆண்டுத் தீர்ப்பில் தெளிவாகப் பார்க்கலாம். மெட்ராஸ் உயர் நீதிமன்றத்திலிருந்து மேல்முறையீட்டுக்குச் சென்ற வழக்கு அது. எரிபொருள் கொடுத்த நிறுவனத்துக்கு அடமானமாக எழுதிக் கொடுத்திருந்த விமானங்களிலிருந்து என்ஜின்களையும் பாகங்களையும் விமான நிறுவனம் கழற்றிக்கொண்டதாகப் புகார். வணிகத் தகராறுகளைக் குற்ற வழக்காக மாற்றி எதிர்த்தரப்பை நெருக்கும் போக்கு வளர்ந்துவருகிறது என்று அந்தத் தீர்ப்பிலேயே நீதிமன்றம் கண்டித்தது. அந்தக் கண்டனத்தை மட்டும் எடுத்து எல்லா மனுக்களிலும் சேர்க்கிறார்கள். அதற்குப் பின் நீதிமன்றம் செய்ததைப் படிப்பவர்கள் குறைவு. நீதிமன்றம் ஒவ்வொரு பிரிவாக எடுத்து, அதன் கூறுகளைப் பிரித்து, புகாரின் வாசகத்தோடு வைத்துப் பார்த்தது. திருட்டு, கையாடல், நம்பிக்கை மோசடி ஆகியவற்றுக்குத் தேவையான கூறுகள் புகாரில் இல்லை என்று அவற்றை ரத்து செய்ததைச் சரியென்றது. ஏமாற்றுதலுக்கும் சொத்துச் சேதத்துக்கும் தேவையான கூறுகள் எழுதப்பட்டிருந்ததால் அவை நடக்கட்டும் என்று விட்டது. அதே தரப்பினர், அதே ஒப்பந்தம், அதே கடன் என்றாலும், ஒரு பிரிவு நின்றது, ஒரு பிரிவு விழுந்தது. உங்கள் மனுவுக்கு முன்மாதிரி இதுதான்.

ஆகவே முதலில் 420-ஐ எடுத்துக்கொள்வோம். ஒப்பந்தமும் பணப் பரிமாற்றமும் 2021-இல் நடந்தவை என்பதால், 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்துவிட்டபோதும், உங்களுக்குப் பொருந்துவது பழைய இந்திய தண்டனைச் சட்டம்தான். அதன் 415-ஆம் பிரிவு ஏமாற்றுதல் என்றால் என்னவென்று சொல்கிறது. ஏமாற்றி நேர்மையற்ற முறையில் ஒருவரைச் சொத்தை ஒப்படைக்கத் தூண்டினால் 420-இல் ஏழாண்டு வரை தண்டனை. இங்கே மூன்று விஷயங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நடந்திருக்க வேண்டும். முதலில் ஒரு பொய்யான கூற்று அல்லது உண்மையை நேர்மையற்ற முறையில் மறைத்தல். அதனால் எதிரில் இருப்பவர் ஏமாறுதல். அந்த ஏமாற்றத்தின் விளைவாக அவர் பணத்தைக் கொடுத்தல். இந்த வரிசை முக்கியம். பணம் கைமாறிய நொடியிலோ அதற்கு முன்போ ஏமாற்றும் எண்ணம் இருந்திருக்க வேண்டும். பணம் வந்து இரண்டாண்டு கழித்துத் தோன்றிய எண்ணம், அது எவ்வளவு நியாயமற்றதாக இருந்தாலும், 2021-இல் கொடுத்த பணத்தைப் பின்னோக்கிச் சென்று ‘ஏமாற்றி வாங்கிய பணம்’ ஆக்க முடியாது.

இதற்குத் தீர்ப்புகளைத் தேடுவதற்கு முன், 415-ஆம் பிரிவின் கீழேயே சட்டம் எழுதிவைத்திருக்கும் ‘ஜி’ எடுத்துக்காட்டைப் படியுங்கள். அவுரிச் செடி தருவதாகச் சொல்லி ஒருவர் முன்பணம் வாங்குகிறார். தரும் எண்ணமே இல்லாமல் வாங்கினால் அவர் ஏமாற்றியவர். பணம் வாங்கும்போது தரும் எண்ணம் இருந்து, பிறகு ஒப்பந்தத்தை மீறித் தராமல் போனால் அவர் ஏமாற்றியவர் அல்லர். ஒப்பந்த மீறலுக்காக உரிமையியல் நடவடிக்கைக்கு மட்டுமே பொறுப்பாவார். 1860-இல் இயற்றிய சட்டம் உங்கள் கேள்விக்குத் தன் உடலிலேயே பதில் வைத்திருக்கிறது. மனுவில் இந்த எடுத்துக்காட்டை முழுமையாக எடுத்தெழுதி, அவுரிச் செடி இருக்கும் இடத்தில் 40 சென்ட் நிலத்தை வைத்துக் காட்டச் சொல்லி உங்கள் வழக்கறிஞரிடம் கேளுங்கள். பத்துத் தீர்ப்புகளின் பெயர்ப் பட்டியலைவிட இது வலுவானது என்பது என் உறுதியான கருத்து. இதே கொள்கையை 2000-ஆம் ஆண்டு ஹிருதய ரஞ்சன் பிரசாத் வர்மா எதிர் பீகார் மாநிலம் வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கியது: வெறும் ஒப்பந்த மீறலுக்கும் ஏமாற்றுதலுக்கும் இடையிலுள்ள வேறுபாடு, தூண்டிய நேரத்தில் இருந்த எண்ணத்தைப் பொறுத்தது, பின்னால் வாக்கைக் காப்பாற்றவில்லை என்பதிலிருந்து மட்டும் அந்தத் தொடக்க எண்ணத்தை ஊகித்துவிட முடியாது.

இப்போது உங்கள் புகாரில் இருக்கும் ‘ஆரம்பத்திலிருந்தே ஏமாற்றும் எண்ணத்துடன்’ என்ற தொடருக்கு வருகிறேன். இந்தத் தொடர் தற்செயலாக வருவதில்லை. அது இல்லாவிட்டால் 420 நிற்காது என்று தெரிந்தவர்கள்தான் அதை எழுதிக் கொடுக்கிறார்கள். ஆனால் அது ஒரு முடிவுரை. அதைத் தாங்கும் நிகழ்வு புகாரில் எங்கே இருக்கிறது என்பதுதான் கேள்வி. எஃப்.ஐ.ஆரை ஒரு தாளில் வைத்துக்கொண்டு, 2021 ஜூலைக்கு முன் நீங்கள் சொன்னதாகவோ செய்ததாகவோ அதில் எழுதியிருக்கும் ஒவ்வொரு வாக்கியத்தையும் தனியே எடுத்தெழுதுங்கள். அநேகமாக இரண்டு வாக்கியங்கள்தான் தேறும்: நிலம் உங்களுடையது என்றீர்கள், 60 லட்சத்துக்குத் தருவதாகச் சொன்னீர்கள். இரண்டுமே பொய்யல்ல. நிலம் உங்களுடையதாகத்தான் இருந்தது. விற்கும் உரிமையும் இருந்தது. சார்பதிவாளர் அலுவலகத்துக்கு வந்து ஒப்பந்தத்தைப் பதிவும் செய்தீர்கள். பதிவு செய்த ஒப்பந்தம் வில்லங்கச் சான்றில் ஏறும், வாங்க வருபவர் எவரும் அதைப் பார்ப்பார். ஏமாற்றிவிட்டு நழுவ நினைப்பவர் விரும்பிச் செய்யும் காரியமல்ல அது. பொய் என்று சுட்டிக்காட்டும்படி 2021-இல் ஒரு கூற்றும் புகாரில் இல்லையென்றால், முடிவுரைத் தொடர் மட்டும் அந்த இடத்தை நிரப்ப முடியாது.

மற்ற எல்லாக் குற்றச்சாட்டுகளும் பின்னால் வந்தவை. 2022 ஜூனில் தவணை முடிந்தது, 2023-இல் நோட்டீஸ் போனது, 2025 ஜூலையில் நிலம் விற்கப்பட்டது. இந்தக் கடைசி நிகழ்வைத்தான் எதிர்த்தரப்பு பிடித்துக்கொள்ளும்: ‘என்னிடம் பணம் வாங்கிவிட்டு வேறொருவருக்கு விற்றுவிட்டார், இது மோசடி அல்லாமல் என்ன?’ கேட்பதற்கு வலுவான கேள்வி. நேரடியாகவே பதில் சொல்ல வேண்டும். நான்காண்டு கழித்து நடந்த விற்பனை, 2021-இல் பணம் கொடுக்க அவரைத் தூண்டவில்லை, தூண்டியிருக்கவும் முடியாது. ஒப்பந்தப்படி கிரையம் எழுதித் தரும்படி கேட்கும் வழக்குக்கான காலவரம்பு, நாள் குறித்த ஒப்பந்தத்தில், அந்த நாளிலிருந்து மூன்றாண்டு. உங்கள் கணக்கில் அது 2025 ஜூனோடு முடிகிறது. அதுவரை அவர் வழக்குப் போடவில்லை, மீதிப் பணத்தைக் கட்டத் தயார் என்று ஒரு நோட்டீஸும் அனுப்பவில்லை என்றால், உரிமையியல் கதவு மூடிய இரண்டாம் மாதத்தில் காவல் நிலையக் கதவைத் தட்டியிருக்கிறார் என்ற சித்திரம் தேதிகளிலிருந்தே எழும். அதை மனுவில் அமைதியாகத் தேதிகளாகவே சொல்ல வேண்டும். காலதாமதம் தன்னளவில் ரத்துக்குக் காரணமாகாது, ஆனால் குற்றக்கூறு இல்லை என்ற முக்கிய வாதத்துக்கு அது துணை நிற்கும்.

இதே வாதம் எந்த இடத்தில் உடையும் என்பதையும் நீங்கள் இப்போதே அறிந்துகொள்வது நல்லது. ஒப்பந்தம் போட்ட நாளில் நிலம் வங்கியில் அடமானத்தில் இருந்து அதை நீங்கள் சொல்லவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்; அல்லது உடன்பிறந்தவருக்கு அதில் பங்கு இருந்து, முழு நிலமும் உங்களுடையது என்று எழுதிக் கொடுத்தீர்கள்; அல்லது அதே நிலத்துக்கு வேறொருவரிடம் ஏற்கெனவே முன்பணம் வாங்கியிருந்தீர்கள். 415-ஆம் பிரிவின் விளக்கம், உண்மையை நேர்மையற்ற முறையில் மறைப்பதும் ஏமாற்றுதலே என்கிறது. அப்போது பணம் வாங்கிய நாளிலேயே பொய் இருக்கிறது. மீதியெல்லாம் உரிமையியல் தகராறாகத் தோன்றினாலும் 420 நிற்கும், ரத்து மனு பெரும்பாலும் தள்ளுபடியாகும். ஆகவே வழக்கறிஞரைச் சந்திக்கும் முன் 2021 ஜூலை வரையிலான வில்லங்கச் சான்றையும், மூலப் பத்திரங்கள் அந்த நாளில் யார் கையில் இருந்தன என்பதையும் பாருங்கள். பாதகமாக ஏதேனும் இருந்தால் அவரிடம் மறைக்காதீர்கள். உங்கள் வாயால் வராவிட்டாலும் எதிர்த்தரப்பின் பதில் மனுவில் அது வரும். வந்தால், உண்மைகளை மறைத்தவர் என்ற ஒரே காரணத்துக்காக நீதிமன்றம் உங்கள் மற்ற வாதங்களையும் கேட்க விரும்பாது.

406-இல் இல்லாமல் போகும் கூறு வேறு. நம்பிக்கை மோசடிக்கு 405-ஆம் பிரிவு முதலில் கேட்பது ஒப்படைப்பு: சொத்து இன்னொருவருடையதாகவே இருக்க, ஒரு குறிப்பிட்ட நோக்கத்துக்காக அது உங்கள் பொறுப்பில் விடப்பட்டிருக்க வேண்டும். கோயில் நகையை வைத்திருக்கும் அறங்காவலர், உரிமையாளரின் சரக்கை வைத்திருக்கும் கிடங்குக்காரர், வசூலித்த பணத்தை முதலாளியிடம் கட்ட வேண்டிய பணியாளர் போன்றவர்களின் நிலை அது. விற்பனை முன்பணம் அப்படிப்பட்டதல்ல. பணம் கைமாறியதும் அது விற்பவருடைய பணமாகிவிடுகிறது. அதை அவர் மகள் திருமணத்துக்குச் செலவழிக்கலாம், கடனை அடைக்கலாம், அதே நோட்டுகளைப் பெட்டியில் வைத்துக் காத்திருக்க வேண்டியதில்லை. ஒப்பந்தம் நிறைவேறாவிட்டால் அதே அளவு தொகையைத் திருப்பித் தரும் கடமை எழலாம். ஆனால் திருப்பித் தர வேண்டிய கடன் என்பது ஒன்று, பாதுகாத்துக் கொடுக்க வேண்டிய பிறர் சொத்து என்பது வேறொன்று. தலிப் கவுர் எதிர் ஜக்னர் சிங் என்ற 2009-ஆம் ஆண்டு வழக்கு ஏறத்தாழ உங்கள் வழக்கேதான். விற்பனை ஒப்பந்தத்தில் முன்பணத்தைத் திருப்பித் தராததால் எழுந்த தகராறு சாராம்சத்தில் ஒப்பந்த மீறலாக இருக்குமானால், அது ஏமாற்றுதலும் ஆகாது, நம்பிக்கை மோசடியும் ஆகாது என்று உச்ச நீதிமன்றம் அதில் சொன்னது. நில மேம்பாட்டு ஒப்பந்தத்தில் கொடுத்த வைப்புத்தொகை பற்றிய ஆனந்த் குமார் மொஹத்தா எதிர் டெல்லி அரசு வழக்கிலும் 406-இன் கீழான வழக்கை நீதிமன்றம் ரத்து செய்தது.

உங்கள் ஒப்பந்தத்தின் வாசகத்தை இந்த இடத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். ‘முன்பணத்தைத் தனிக் கணக்கில் வைத்திருந்து, கிரையம் முடியாவிட்டால் அதிலிருந்து திருப்பித் தர வேண்டும்’ என்பது போல ஏதேனும் எழுதியிருந்தால் ஒப்படைப்பு என்ற வாதத்துக்கு எதிர்த்தரப்புக்கு ஒரு பிடி கிடைக்கும். வழக்கமான ஒப்பந்தங்களில் அப்படி இருப்பதில்லை.

இன்னொரு முரண்பாட்டையும் மனுவில் சொல்லலாம். ஏமாற்றுதலில் தொடக்கத்திலேயே நேர்மையற்ற எண்ணம் இருந்தாக வேண்டும். நம்பிக்கை மோசடியில் சொத்து முறையாகவே வந்து, எண்ணம் பின்னால் கெடுகிறது. ஒரே பணத்தைப் பற்றி, ஒரே நிகழ்வின் மீது, இரண்டையும் சேர்த்துச் சொல்ல முடியாது. விற்ற குதிரைத் தீவனத்துக்குப் பணம் வரவில்லை என்ற புகாரில் எழுந்த டெல்லி ரேஸ் கிளப் வழக்கில், 2024 ஆகஸ்டில், உச்ச நீதிமன்றம் இதைத்தான் விரிவாகச் சொல்லி, இரண்டு பிரிவுகளையும் இயந்திரத்தனமாகச் சேர்த்து எழுதும் பழக்கத்தைச் சாடியது. எஃப்.ஐ.ஆரில் இரண்டும் சேர்ந்து நிற்பதே, எந்தக் கூறு எந்த நிகழ்வில் இருக்கிறது என்று யாரும் பார்க்கவில்லை என்பதற்கு அடையாளம். ஆயினும் இதை முதல் வாதமாக வைக்காதீர்கள். ‘அப்படியானால் ஒன்றை நீக்கிவிடலாம், மற்றது நடக்கட்டும்’ என்ற பதிலில் அது முடிந்துவிடலாம். ஒவ்வொன்றும் தனித்தனியே நிற்கவில்லை என்று காட்டிய பிறகு சொன்னால் அது வேலை செய்யும்.

மிரட்டல் குற்றச்சாட்டைப் பலர் பொருட்படுத்தாமல் விட்டுவிடுகிறார்கள், அது தவறு. 406, 420 இரண்டும் விழுந்து மிரட்டல் மட்டும் நின்றால்கூட வழக்கு உயிரோடு இருக்கும். மிரட்டல் நடந்ததாகச் சொல்லும் நாள் 2024 ஜூலை 1 அல்லது அதற்குப் பிறகு என்றால் அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 351-ஆம் பிரிவின் கீழ் வர வேண்டும். எந்த நாள், எந்த இடம், என்ன சொற்கள், யார் முன்னிலையில் என்ற விவரம் புகாரில் இருக்கிறதா, அச்சமூட்டும் நோக்கமோ எதையாவது செய்யவைக்கும் நோக்கமோ அந்தச் சொற்களில் தெரிகிறதா என்று பாருங்கள். ‘கேட்டதற்கு மிரட்டினார்’ என்ற ஒற்றைத் தொடர் மட்டுமே இருந்தால், அதை ஒரு தனிப் பத்தியில் சுட்டிக்காட்ட வேண்டும்.

இனி மனுவை எழுதும் முறை. வழக்கை ரத்து செய்யும் உயர் நீதிமன்றத்தின் அதிகாரம் முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 482-ஆம் பிரிவில் இருந்தது. இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 528-ஆம் பிரிவில் இருக்கிறது. புதிய சட்டத்தில் 482 என்பது முன்ஜாமீனைக் குறிக்கும் எண். பழைய மாதிரி மனுவை வைத்து எழுதும்போது இந்த எண் குழப்பம் நிறையவே நடக்கிறது. வழக்குப் பதிவான மாவட்டத்தைப் பொறுத்து, குற்றவியல் அசல் மனுவாக சென்னையிலோ மதுரைக் கிளையிலோ தாக்கல் செய்ய வேண்டும். காவல் ஆய்வாளர் வழியாக மாநில அரசு முதல் எதிர்மனுதாரர், புகார் கொடுத்தவர் இரண்டாம் எதிர்மனுதாரர். ரத்துக்கான சூழ்நிலைகளை ஏழு வகையாகச் சொன்ன 1990-ஆம் ஆண்டு பஜன்லால் தீர்ப்பை எல்லோரும் காட்டுவார்கள். ஏழையும் நகலெடுத்து ஒட்டாமல், குற்றச்சாட்டை அப்படியே ஏற்றாலும் குற்றம் ஆகாது என்ற முதல் வகையைக் குறிப்பாக எடுத்துச் சொல்ல வேண்டும். பகை காரணமான வழக்கு என்ற கடைசி வகையையும் சேர்க்க ஆசை வரும். புகாரில் குற்றம் வெளிப்படையாகத் தெரியும்போது பகை இருந்தது என்பதற்காக வழக்கு ரத்தாகாது. குற்றம் தெரியாதபோது பகையைச் சொல்லத் தேவையே இல்லை. அதனால் நான் அதை ஒரு வரிக்கு மேல் நீட்டுவதில்லை.

மனு கெடும் இடம் பெரும்பாலும் ஒன்றுதான்: குற்றம் சாட்டப்பட்டவர் தன் தரப்புக் கதையைச் சொல்லத் தொடங்குவது. ‘அவருக்கு லோன் கிடைக்கவில்லை, நான் பலமுறை வாய்மொழியாக அவகாசம் கொடுத்தேன், அவர்தான் தவறு செய்தார்’ என்று எழுதிய உடனே, யார் சொல்வது உண்மை என்ற கேள்வி பிறக்கிறது. அதைச் சாட்சி விசாரணையில்தான் தீர்க்க முடியும் என்று அரசு வழக்கறிஞர் சொல்வார், அது சரியாகவும் இருக்கும். லோன் கிடைக்கவில்லை என்பது உங்கள் வாதத்துக்குத் தேவையில்லை. தவறு உங்களுடையது என்றே வைத்துக்கொண்டாலும், விலை ஏறியதால் வேண்டுமென்றே ஒப்பந்தத்தை மீறினீர்கள் என்றே வைத்துக்கொண்டாலும், அது அவுரிச் செடி எடுத்துக்காட்டின் இரண்டாம் பாதிதான். இப்படித் தன்னைக் குறைத்துக்கொண்டு வாதிடுவது பலருக்குக் கசக்கிறது. தாம் நல்லவர் என்று நிரூபிக்கவே அவர்கள் நீதிமன்றம் வருகிறார்கள். ஆனால் ரத்து மனு அதற்கான இடமல்ல.

முக்கியக் காரணத்தை ஏறத்தாழ இப்படி எழுதலாம்: ‘முதல் தகவல் அறிக்கையின் வாசகத்தை முழுமையாக ஏற்றுக்கொண்டாலும், இரண்டாம் எதிர்மனுதாரர் 15 லட்சம் ரூபாய் கொடுத்த நாளன்றோ அதற்கு முன்போ மனுதாரர் சொன்ன எந்தக் கூற்று பொய்யானது என்று அதில் எங்கும் சொல்லப்படவில்லை. சொல்லப்பட்டுள்ள செயல்கள் அனைத்தும் பணம் கைமாறியதற்குப் பின் நடந்தவை. தொடக்கத்தில் இருந்த நேர்மையற்ற எண்ணம் என்ற கூறு இல்லாத நிலையில் 420-ஆம் பிரிவுக் குற்றம் முதல் நோக்கிலேயே ஆகவில்லை.’ அடுத்த காரணம் ஒப்படைப்பு பற்றி, அதற்கடுத்தது மிரட்டல் பற்றி. இவற்றோடு பதிவு செய்த ஒப்பந்தம், 2023-ஆம் ஆண்டு நோட்டீஸ், அது அவருக்குக் கிடைத்ததற்கான அஞ்சல் ஒப்புகை, 2021 வரையிலான வில்லங்கச் சான்று ஆகியவற்றை இணைத்தால் போதும். எதிர்த்தரப்பு மறுக்க முடியாத ஆவணங்களை மட்டும் வையுங்கள். வாட்ஸ்அப் உரையாடல்களின் கட்டு, உறவினரின் உறுதிமொழி போன்றவை சச்சரவுக்குரிய உண்மைகளை உள்ளே கொண்டுவந்துவிடும். 2025 ஜூலை விற்பனையை நீங்களே மனுவில் சொல்லிவிடுங்கள்.

மனு தாக்கலானதும் புலன்விசாரணை நின்றுவிடும் என்று எண்ண வேண்டாம். நிஹாரிகா இன்ஃப்ராஸ்ட்ரக்சர் வழக்கில், 2021-இல், விசாரணைக்குத் தடையையும் ‘கடும் நடவடிக்கை கூடாது’ என்ற இடைக்கால உத்தரவையும் வழக்கமாகத் தரக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் உயர் நீதிமன்றங்களுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. ஏழாண்டு வரை தண்டனையுள்ள குற்றங்களில் கைது தேவையில்லாதபோது, புதிய நடைமுறைச் சட்டத்தின் 35(3) பிரிவின்படி முன்னிலையாகும்படி அறிவிப்புத் தர வேண்டும். அது வந்தால் மதித்துப் போய் வாக்குமூலம் கொடுங்கள், அங்கும் ஆவணங்களுக்கு மாறாக எதையும் சொல்லாதீர்கள். கைது அச்சம் உண்மையாக இருந்தால் முன்ஜாமீனைத் தனியே கேட்க வேண்டும்.

மனு நிலுவையில் இருக்கும்போது காவல் துறை இறுதி அறிக்கை தாக்கல் செய்துவிட்டால் மனு செத்துவிடாது என்பதையும் மேலே சொன்ன மொஹத்தா வழக்கு தீர்த்துவைத்திருக்கிறது. ஆனால் அதன் பின் நீங்கள் எதிர்கொள்வது எஃப்.ஐ.ஆரை மட்டுமல்ல, சாட்சிகளின் வாக்குமூலங்களையும் சேர்த்துத்தான். அவற்றில் 2021-ஐப் பற்றிப் புதிதாக ஒரு பொய்க் கூற்று ஏற்றப்பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அப்படி ஏதும் இல்லையென்றால் உங்கள் வாதம் முன்னைவிட வலுவடைகிறது, ஏனெனில் விசாரித்து முடித்த பிறகும் அந்தக் கூறு கிடைக்கவில்லை. உயர் நீதிமன்றம் தலையிட மறுத்தாலும், மாஜிஸ்திரேட் முன் புதிய நடைமுறைச் சட்டத்தின் 262-ஆம் பிரிவின் கீழ் விடுவிப்பு மனு போடும் வழி இருக்கிறது. வழக்கு ஆவணங்களின் நகல்கள் கையில் கிடைத்த நாளிலிருந்து 60 நாட்களுக்குள் அதைத் தாக்கல் செய்ய வேண்டும் என்று புதிய சட்டம் சொல்கிறது. உயர் நீதிமன்ற மனுவை நம்பி இந்த நாட்களைக் கோட்டை விட்டவர்கள் உண்டு.

ரத்து உத்தரவு கிடைத்தாலும், அந்த 15 லட்சம் யாருக்குச் சேர வேண்டும் என்பதை அது தீர்க்காது. 2023 நோட்டீஸில் முழு முன்பணத்தையும் பறிமுதல் செய்ததாகச் சொல்லியிருப்பீர்கள். அது செல்லுமா, ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவின்படி எவ்வளவு நியாயமான தொகை என்பதெல்லாம், அவர் வழக்குத் தொடர்ந்து அது காலவரம்புக்குள் இருக்கிறது என்றும் காட்டினால், உரிமையியல் நீதிமன்றம் பார்க்க வேண்டியவை. அங்கே நீங்கள் தாக்கல் செய்யும் எதிர்வாதுரையில், ரத்து மனுவில் ஒப்புக்கொண்ட பணத்தையோ தேதிகளையோ மறுத்துவிடாதபடி, இரண்டு வழக்கையும் ஒரே வழக்கறிஞர் பார்த்துக்கொள்வது நல்லது. முடியாவிட்டால் ஒருவர் தாக்கல் செய்யும் முன் மற்றவர் படித்துவிட வேண்டும்.